இரண்டு நாளில் போன 1,180 ரூபாய்!

அன்று 5-ஆம் தேதி. கணவரின் செல்போனில் டொக்கென்று ஒரு எஸ்.எம்.எஸ். பைக் கடன் தவணை 3,650 ரூபாயை எடுக்கப் போனபோது கணக்கில் போதுமான பணம் இல்லையாம். கடன் கொடுத்தவர்கள் போட்ட அபராதம் ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய். எங்கள் வங்கியும் தன் பங்குக்கு 590 பிடித்துக்கொண்டது. 7-ஆம் தேதி சம்பளம் 36,000 வந்துவிட்டது. இரண்டே நாள் இடைவெளியில் 1,180 ரூபாய் போயே போச்சு!

"ஏங்க, செலவுக் கணக்குதான் ஒழுங்கா எழுதுறேனே, எங்கே தப்பு?" என்று புலம்பினேன். மாத மொத்தத்தை மட்டும் எழுதினால் இது தெரியாது என்பது அப்புறம்தான் புரிந்தது.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை எடுத்தேன். வரவை நீல மையிலும் செலவை சிவப்பிலும் அந்தந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதி, கீழே அன்றைய மீதியைப் போட்டேன். 1-ஆம் தேதி கையில் 14,600. 3-இல் வாடகை 10,500 போக 4,100. 4-இல் பால், கேஸ் சிலிண்டருக்கு 1,900 போக 2,200. 5-இல் தவணை 3,650. பள்ளம் 1,450! அந்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு 3,000 ரூபாய் மொய் எழுதியிருந்தோம். அது இல்லாவிட்டாலும் 1,550தான் மிஞ்சியிருக்கும்.

கடன் வாங்கிய இடத்தில் எழுதிக் கொடுத்து, தவணைத் தேதியை 10-க்கு மாற்றினோம். தள்ளிப்போன ஐந்து நாளுக்குக் கொஞ்சம் வட்டி கேட்டார்கள். புது உத்தரவு அமலுக்கு வரும்வரை பழைய தேதிக்கும் பணம் வைத்திருந்தோம். இல்லாவிட்டால் மறுபடி அபராதம்தான். சம்பளத்துக்கும் தவணைக்கும் மூன்று நாள் விட்டதற்குக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தவணை பிடிக்க வழி இருக்கிறது. சம்பளம்தான் லீவு நாளில் தாமதமாகும்.

தேதி மாறியதால் வருமானம் கூடிவிடவில்லை. ஒரு தவணைப் பணம், ஒரே ஒரு முறை, கையிருப்பாக நின்றது. அதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். மொய், மருந்து என்று திடீர்ச் செலவு வந்தால் அதிலிருந்து எடுத்து, அடுத்த மாதமே திருப்பி வைத்துவிடுவோம்.

அடுத்தது பண்டிகை. 2026 காலண்டரில் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. சம்பளமோ முந்தின நாள். அன்றைக்குப் போய் துணியும் தைக்க முடியாது, பலகாரச் சாமானும் வாங்க முடியாது. செலவெல்லாம் அக்டோபரிலேயே விழுந்துவிடும். அதனால் ஜனவரி 12-ஆம் தேதி, மாதம் 1,300 வீதம் ஒன்பது மாத ஆர்.டி. போட்டேன். முன்பு மாதக் கடைசியில் எப்படியோ கரைந்துபோன அதே மீதிப் பணம்தான். அக்டோபர் 12-இல் 11,700 ரூபாயும் வட்டியும் வரும்; அந்தக் கட்டத்தில் நீல மையில் குறித்துவிட்டேன்.

போன தீபாவளிக்கு என் வளையல் அடகுக் கடைக்குப் போனது. இந்தத் தீபாவளிக்கு அது என் கையிலேயே இருக்கும்!