பக்கம் 1/5

அந்தப் படம் என் கைபேசிக்கு வந்தபோது இரவு பதினொன்று ஆகப்போகிறது. ஒரகடத்தில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தில் பெண்களை இறக்கிவிடும் நேரம். லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் பார்த்திருக்கிறாள், பஸ்ஸிலேயே எனக்கு அனுப்பிவிட்டாள். கீழே ஒரே வரி: "அம்மா, சீட் கிடைச்சிருச்சு. பதில் எழுதணும். நீங்க பாத்துத் தரணும்."

இயற்பியல் படித்தவள். முதல் இரண்டு ஆண்டு என்னிடம் பகுதி ஒன்று தமிழ். பட்டம் வாங்கியதும் மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைக்குப் போனாள். நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அறை, வீட்டுக்குப் பணம், போக மீதியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம். சப்ளை செயின் மேலாண்மையில் முதுகலை. விண்ணப்பித்துக் கொடுத்தது நகரத்து ஏஜெண்டு ஒருவர்.

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். மேசைமேல் வைத்த தாளை யாரோ அவசரமாக எடுத்த படம். இடது ஓரத்தில் கட்டைவிரல், அதன் அடியில் தேதி. பல்கலைக்கழகத்தின் சின்னம், படிப்பின் பெயர், விண்ணப்ப எண் எல்லாம் தெரிந்தன. "அன்புள்ள" என்பதற்கு அடுத்து இருந்தது அவளுடைய அப்பாவின் பெயர். தொடர்பு மின்னஞ்சல் என்ற இடத்தில் அவளுடையது இல்லை, ஏஜெண்டு அலுவலகத்தின் முகவரி. "கீழ்க்காணும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று தொடங்கிய வாக்கியம் தாளின் அடியில் முடியாமல் நின்றது. அதற்கும் கீழே பொடி எழுத்தில்: பக்கம் 1/5.

மறுநாள் காலை அழைத்துக் கேட்டேன். மீதி நான்கு பக்கம் எங்கே?

"அதெல்லாம் பொதுவான விதிமுறைதானாம். அவங்க கிட்டயே இருக்கு. நாம சம்மதம்னு எழுதிட்டு, சீட்டைப் பிடிச்சு வைக்க அவங்க கணக்குல பணம் கட்டணுமாம்."

இங்கேதான் நிறுத்த வேண்டியிருந்தது. இப்படி வரும் கடிதம் பெரும்பாலும் நிபந்தனையுடன் கூடிய அனுமதி. பட்டச் சான்றைக் காட்டு, ஆங்கிலத் தேர்வில் இந்த மதிப்பெண் எடு, இந்தத் தேதிக்குள் முன்பணம் கட்டு என்பவையே அதன் உயிர். அவை நிறைவேறிய பிறகே பல்கலைக்கழகம் சிஏஎஸ் என்ற எண்ணைத் தரும். விசாவுக்கு வேண்டியது அந்த எண்தான். முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. அவளிடம் இருந்ததோ முதல் பக்கத்தின் படம்.

கடிதமே உண்மைதானா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. 2023இல் கனடாவில் சில நூறு இந்திய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போனவர்கள், நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். ஏஜெண்டு கொடுத்த அனுமதிக் கடிதம் போலி என்பது அவர்களில் பலருக்கு, போய்ப் படித்து, வேலையும் பார்த்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து கனடா அரசு ஒவ்வொரு கடிதத்தையும் அந்தந்தக் கல்வி நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறது. நாமும் அதையே செய்யலாம் என்றேன். சம்மதம் எழுதுவதற்கு முன்னால் கேள்வி எழுதுவோம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள், தானே எழுதிய வரைவோடு. நன்றி என்ற சொல் நான்கு இடத்தில். ஏழைக் குடும்பத்துப் பெண், தயவுகூர்ந்து, பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். விண்ணப்ப எண்ணைக் காணோம், ஒரு கேள்விகூட இல்லை. குற்றம் அவளுடையது இல்லை. விடுப்புக் கடிதத்திலிருந்து எல்லாக் கடிதத்தையும் கும்பிட்டபடி எழுதத்தான் கற்றுத்தருகிறோம். நானும் கற்றுத்தந்திருக்கிறேன்.

முகவரியிலிருந்து ஆரம்பித்தோம். கடிதத்தில் அச்சிட்டிருந்த முகவரியை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் தனியாகத் திறந்து சேர்க்கை அலுவலகத்தின் மின்னஞ்சலை எடுத்தோம். அனுப்புவது அவளுடைய சொந்த மின்னஞ்சலிலிருந்து. பதிவில் இல்லாத முகவரியிலிருந்து யாரோ எழுதினால் அலுவலகம் விவரம் சொல்லாது. அதனால் விண்ணப்ப எண்ணோடு பிறந்த தேதியும் படிப்பும் சேரும் பருவமும் முதலிலேயே வந்தாக வேண்டும். பாஸ்போர்ட் நகலை அவர்கள் கேட்ட பிறகு அனுப்பினால் போதும்.

அனுப்பியது ஆங்கிலத்தில். அதன் சாரம் இது:

"என் பெயரில் தாங்கள் வழங்கியதாகச் சொல்லப்படும் அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தின் படத்தை மட்டும் பெற்றுள்ளேன். படத்தை இணைத்துள்ளேன். இது தங்கள் அலுவலகம் வழங்கியதுதானா என்று உறுதி செய்யுங்கள். ஆம் எனில் ஐந்து பக்கங்களையும் இந்த முகவரிக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தில் உள்ள மின்னஞ்சல் என்னுடையது அன்று. அதை மாற்ற நான் என்ன தர வேண்டும்? முன்பணம் எவ்வளவு, கடைசித் தேதி எது, எந்த வழியாகத் தங்களுக்கே நேரடியாகச் செலுத்துவது? நிபந்தனைகளைப் படித்த பிறகே என் முடிவைத் தெரிவிப்பேன்."

கடைசி வரியை எழுதியது அவள்தான். திமிராகத் தெரியுமோ என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

பெயர் விஷயத்தில் எங்களுக்குள் சின்னச் சண்டை. அப்பா பெயரை எடுக்கச் சொல்லி எழுதலாம் என்று நான் கொதித்தேன். அவள் மறுத்தாள். "பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர்னு அதைத்தானே போட்டிருக்கு. சிஏஎஸ் பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகணும். மாத்தச் சொன்னா விசாவுல மாட்டிக்குவேன்மா." பட்டச் சான்றில் அந்தப் பெயர் ஒற்றை இனிஷியலாக இருப்பதுதான் உண்மையான சிக்கல் என்று அவளே கண்டுபிடித்தாள். எனவே ஒரு பத்தி சேர்ந்தது: "எங்கள் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. சான்றிதழில் என் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து தந்தை பெயரின் முதலெழுத்து. இரண்டும் ஒரே நபர் என்பதற்கு எந்த ஆவணத்தை ஏற்பீர்கள்? ஆவணங்களில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். என்னை விளிக்கும்போது மட்டும் என் பெயரால் விளியுங்கள்."

புதன்கிழமை பதில் வந்தது. கடிதம் உண்மையானதே. ஆனால் முன்பணத்துக்கான தேதி கடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது வெறும் கடிதத் தேதி. கெடு மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இரண்டு வாரம் நீட்டித் தருகிறோம், பணத்தை எங்கள் இணையவாசல் வழியாக மட்டும் கட்டுங்கள், ஏஜெண்டு கணக்கில் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். மின்னஞ்சலை மாற்ற பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் கேட்டார்கள்.

ஏஜெண்டு கோபமாக அழைத்தாராம். நேரடியாக எழுதினால் சீட் ரத்தாகும் என்றாராம்.

முன்பணம் எப்படியோ புரண்டுவிடும். அதற்கப்பால் நின்றது இருபத்தெட்டு நாள் கணக்கு. மீதிக் கட்டணமும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் வங்கியில் தொடர்ந்து இருபத்தெட்டு நாள் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒருநாள் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அவள் வீட்டுப் பணம் அப்படி ஓரிடத்தில் நிற்கும் பணம் இல்லை. சீட்டு எடுத்தது பத்து நாள் இருக்கும். அடகு நகையை மீட்கப் போய்விடும். தம்பியின் கட்டணத்துக்கு ஒரு துண்டு போகும். வங்கிக் கடன் கைக்கு வர இன்னும் இரண்டு மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்தப் பருவத்துக்கு எட்டாது.

இரண்டாவது கடிதத்தை அவள் என்னிடம் காட்டவில்லை. பஸ்ஸில் எழுதி அனுப்பிவிட்டு எனக்கு ஒரு நகல் போட்டிருந்தாள். ஒன்பது வரி. அடுத்த சேர்க்கைக்குத் தள்ளிவைக்க முடியுமா, கட்டணம் மாறுமா, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் அதுவரை செல்லுமா என்று மூன்று கேள்விகள். ஏழ்மை பற்றி ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் ஓரிடத்தில் காலம் பிசகியிருந்தது. நான் சொல்லவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. நேற்று இரவு ஐந்து பக்கங்களையும் எனக்கு அனுப்பினாள், மூன்றாம் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டு. இந்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட்.