மாமாவின் வாட்ச்சும் ஒரு கண்ணியும்

என் மாமனாருக்கு எண்பத்து நாலு வயசு. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மணி பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். முதலில் கையைத் திருப்பிப் பார்ப்பார். பிறகுதான் மாத்திரை, பிறகுதான் காபி. முன்பெல்லாம் எச்.எம்.டி. வாட்ச், தோல் பட்டையோடு கட்டியிருப்பார். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்த கதையை இவரிடம் கேட்காதவர்கள் எங்கள் தலத்தெருவில் யாரும் இருக்க முடியாது! தோல் பட்டையில் ஒரு சௌகரியம். கை இளைத்தால் அடுத்த ஓட்டையில் மாட்டிக்கொள்ளலாம், ஆயிற்று. சதாபிஷேகத்துக்கு சிங்கப்பூரிலிருந்து நாத்தனார் கொண்டுவந்து கொடுத்தது ஸ்டீல் செயின் போட்ட வாட்ச். அதிலேதான் வந்தது வினை.

போன வருஷம் பங்குனியில் அவருக்கு உடம்பு முடியாமல் போய், பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார். ஆள் பாதியாகி விட்டார். கையைத் தொங்கப்போட்டால் வாட்ச் உள்ளங்கை வரை இறங்கும். தூக்கினால் முழங்கையை நோக்கி ஓடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். வயசான தோல் வெங்காயச் சருகு மாதிரிதானே? செயின் உரசிய இடமெல்லாம் ஊதாவாகக் கன்றிப் போயிற்று. ஒரு நாள் சட்டை போடும்போது கொக்கி இழுத்து, மணிக்கட்டுத் தோல் ஓரமாக உரிந்து ரத்தம் வந்துவிட்டது. டாக்டர், "ஒண்ணு செயினைச் சின்னதாக்குங்க, இல்லேன்னா வாட்ச்சைக் கழட்டி வைங்க" என்று சொல்லிவிட்டார். கழற்றி வைத்தோம். ராத்திரி முழுக்க, "மணி என்னம்மா? விடிஞ்சுதா?" என்று பத்து தடவை கேட்டிருப்பார். தூக்கம் அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

சரி, ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் போகிறது என்று நானே உட்கார்ந்தேன். இவர் வேலைக்குப் போயிருந்தார். செயினின் பக்கவாட்டில், கண்ணியும் கண்ணியும் சேரும் இடத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டை தெரியும். அதற்குள்தான் இரண்டையும் பிணைக்கிற பின் இருக்கிறது. ஒரு தையல் ஊசியை வைத்து, பாக்குவெட்டியின் பின்பக்கத்தால் நாலு தட்டு தட்டினேன். ஊசி முனை முறிந்து எங்கேயோ தெறித்தது. இன்னொரு ஊசி. இந்தத் தடவை பின் ஒரு மயிரிழை நகர்ந்தது. பிறகு ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. என்ன தட்டியும் அசைய மாட்டேன் என்றது.

மறுநாள் மாமா மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து, காரைக்கால் கடைத்தெருவுக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெட்டிக்கடை அளவில் வாட்ச் ரிப்பேர் கடை. பெரியவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"ஏம்மா, அம்புக்குறி இருக்குதே, பாக்கலையா? எதுத்தாப்புல அடிச்சிருக்கீங்க."

செயினின் உள்பக்கம், அதாவது தோலில் படுகிற பக்கத்தில், கொக்கியை ஒட்டிய சில கண்ணிகளில் மட்டும் சின்னதாக அம்புக்குறி பொறித்திருக்கும். அம்பு உள்ள கண்ணிகள்தான் கழற்றுவதற்கென்று செய்தவை. எங்கள் செயினில் வியர்வை, பவுடர், சந்தனம் எல்லாம் சேர்ந்து கரியாக அப்பியிருந்ததால் அம்பு எனக்குத் தெரியவில்லை. ஒரு கீறலைப் பார்த்து அதுதான் அம்பு என்று நினைத்துக்கொண்டேன்!

அம்பு எதற்கு என்று அவர் ஒரு பழைய பின்னை எடுத்துக் காட்டினார். பார்ப்பதற்கு வெறும் கம்பித் துண்டு. ஆனால் ஒரு முனை வழவழப்பாக இருக்கிறது. இன்னொரு முனை கொண்டை ஊசி மாதிரி இரண்டாகப் பிளந்து, லேசாக விரிந்திருக்கிறது. அந்த விரிந்த முனைதான் ஓட்டைக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. அம்பு காட்டும் திசையில் தள்ளினால், நாம் தட்டுவது வழவழப்பான முனையில். பிளந்த முனை முதலில் வெளியே வந்துவிடும், அப்புறம் பிடிப்பே இல்லை. எதிர்ப்பக்கமிருந்து தட்டினால், பிளந்த முனையையே உள்ளே அறைகிறோம். அது இன்னும் விரிந்து, ஆப்பு வைத்ததுபோல் இறுகும். நான் செய்தது இந்தக் காரியம்தான்.

"இது போதாதுன்னு உப்பு வேற பிடிச்சிருக்கு. கடக்கரை ஊர்ல எல்லா செயினும் இப்படித்தான்" என்றார். ஓட்டை வாயில் செம்பழுப்பாகப் பொடி தெரிந்தது. அதுதான் துருவின் அடையாளம். ஒரு ராத்திரி எண்ணெயில் ஊற வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றார். மாமா எழுந்ததும் கையைத் தடவிப் பார்ப்பாரே, எப்படி விடுவது? என் முகத்தைப் பார்த்துவிட்டு, முனை மழுங்கிய ஒரு எஃகு ஊசியைக் கையில் கொடுத்து, செய்முறையும் சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. முடியாவிட்டால் கொண்டுவாருங்கள் என்றார்.

முதலில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பார்க்கணும். மாமாவுக்குச் சாயங்காலமானால் கை லேசாக வீங்கும்; அதனால் அந்த நேரத்தில்தான் அளவு பார்த்தேன். செயினுக்கும் கைக்கும் நடுவே என் சுண்டு விரல் நுழைகிற இடம் விட்டு, மீதியைக் கொக்கிப் பக்கம் கிள்ளிப் பிடித்தேன். ஒரு கண்ணியும் கொஞ்சமும் இருந்தது. ஒரு கண்ணி கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். அந்தக் 'கொஞ்சத்துக்கு' இன்னொரு கண்ணி எடுக்கத் தேவையில்லை. கொக்கியின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அங்குள்ள ஸ்பிரிங் பின்னை அழுத்தி அடுத்த ஓட்டைக்கு மாற்றினால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குறையும். உங்கள் வீட்டு வாட்ச் கொஞ்சம்தான் லூஸ் என்றால் இதோடு வேலை முடிந்தது, கண்ணியைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு கண்ணி எடுப்பதென்றால் 6 மணிப் பக்கத்தில் எடுப்பது நல்லதாம். கொக்கி மணிக்கட்டின் நடுவில் நிற்கும்.

அன்று ராத்திரி மாமா படுத்ததும் வேலையை ஆரம்பித்தேன். கொக்கியிலிருந்து செயினைப் பிரித்துக்கொண்டேன். வாட்ச்சைத் தண்ணீரில் போடக்கூடாதே! அதனால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் வாட்ச்சை வைத்து, செயின் மட்டும் பக்கத்துக் கிண்ணத்திலுள்ள வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தொங்கும்படி விட்டேன். இருபது நிமிஷம். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணீர் கறுத்த கறுப்பைச் சொல்லி முடியாது. அழுக்குப் போனதும் அம்புக்குறி பளிச்சென்று தெரிந்தது. நன்றாகத் துடைத்து உலர்த்தி, எடுக்கவேண்டிய கண்ணியின் இரண்டு பக்கத்துப் பின்களிலும், இரு முனையிலும், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்தேன். தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். நாளடைவில் பிசினாகி இன்னும் பிடித்துக்கொள்ளும். அப்படியே விடியும் வரை விட்டேன். அன்றைக்கும் மணி கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பாவம்.

காலையில் ஒரு மரக்கட்டையில் ரம்பத்தால் செயின் நிற்கும் அகலத்துக்குப் பள்ளம் அறுத்து, பின் வந்து விழ நடுவில் ஒரு துளையும் போட்டுக் கொடுத்தார் இவர். செயினைப் பக்கவாட்டில் நிறுத்தினேன். அம்பின் மூக்கு தரையைப் பார்க்க வேண்டும். இதை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன். மழுங்கிய ஊசியைக் குறடால் நேராகப் பிடித்து, ஓட்டையின் நடுவில் வைத்து, சின்னச் சுத்தியலால் சுருக் சுருக்கென்று தட்டினேன். ஓங்கி அடித்தால் ஊசி வளையுமே தவிர பின் நகராது. முதல் பின் ஏழெட்டுத் தட்டில் இறங்கிவிட்டது. நான் அறைந்து கெடுத்த பின்தான் அசையவில்லை. மறுபடி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சமையலை முடித்து வந்து தட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். தட்டும் சத்தம் மாறினால் பின் இளகிவிட்டது என்று அர்த்தம். மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்ததும் குறடால் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தேன். வந்துவிட்டது!

ஊசி வளைந்தாலோ, பின்னின் தலையில் குழி விழுந்தாலோ நிறுத்திவிட வேண்டும் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். அதற்குமேல் கடைக்காரர் கைதான். இன்னொன்று, சில விலையுயர்ந்த செயின்களில் பின்னுக்குப் பதில் திருகாணி இருக்கும். அதைத் தட்டினால் போச்சு. பிளந்த பின்னின் முனையும் கோடு போட்டாற்போலத் தெரிவதால் குழப்பம் வரும். உள்பக்கம் அம்பு இருந்தால் அது பின்தான். வேறு சில செயின்களில் பின்னைச் சுற்றிக் கடுகளவில் ஒரு குழாய்த் துண்டு இருக்கும். பின் வரும்போது அது நழுவி விழும். அது இல்லாவிட்டால் பின் நிற்காது. அதனால் தரையில் உட்காராமல், வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்தின்மேல் வைத்து வேலை செய்யுங்கள்.

மாட்டும்போது எல்லாம் தலைகீழ். கண்ணியை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்து, அம்பின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். இரண்டு பின்னில் நேராக இருந்ததைப் பொறுக்கி, வழவழப்பான முனை முதலில் போகும்படி மேலிருந்து விட்டேன். பாதிக்குமேல் விரலாலேயே போயிற்று. கடைசித் துளிக்கு மட்டும் ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டினேன். பின் விரலாலேயே முழுக்க உள்ளே போனால் அது பிடிக்காது, வேறு பின் போட வேண்டும். பழைய நைலக்ஸ் புடவை ஓரத்தால் இரண்டு பக்கமும் தேய்த்துப் பார்த்தேன். நூல் இழுக்கவில்லை, மாமா தோலையும் இழுக்காது. கட்டில்மேல் வைத்துப் பத்து தடவை வெடுக் வெடுக்கென்று இழுத்தும் பார்த்துவிட்டு, கொக்கியை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன்.

கையில் கட்டிவிட்டதும் மாமா கையை மேலே தூக்கினார், கீழே தொங்கப்போட்டார். வாட்ச் இருந்த இடத்திலேயே இருந்தது. "மணி பத்து இருபது. பத்து மணி மாத்திரை எங்கேம்மா?" என்றார்.

அந்த ஒரு கண்ணியும் மிச்சப் பின்னும் என் குங்குமச் சிமிழில் பத்திரமாக இருக்கின்றன. ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு நாத்தனார் வந்தபோது மாமாவின் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. கொக்கியைப் பழைய ஓட்டைக்கு மாற்றிவிட்டோம். கண்ணியைத் திரும்பப் போட இன்னும் வேளை வரவில்லை. எண்ணெய்ப் புட்டியையும் மழுங்கல் ஊசியையும் தையல் மிஷின் டிராயரிலேயே வைத்திருக்கிறேன்.