கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்

மலருக்குக் கவிதை கொடு என்றுதான் ஆசிரியர் குழு கேட்டது. கவிதை எனக்கு வராது. கணினிப் பொறியியல் மூன்றாமாண்டு மாணவன் என்பதால் ஒரு 'டேட்டா' கதை சொல்கிறேன். இதில் வருகிற டேட்டா என் அம்மா.

அம்மா பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். மூன்று ஃபிளாட். காலை ஏழு மணிக்குள் நுழைந்து மதியம் ஒரு மணிக்குத் திரும்பி விடுவார். அதே கேட்டுக்கு மாலையில் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டெலிவரிக்கு நானும் போவேன். ஃபீஸ் கட்டணும் இல்லையா?

2025 மே மாதக் கடைசியில் அந்தக் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். அம்மா அதை செல்போனில் படம் பிடித்து வந்து, "இதுல என்னடா எழுதியிருக்கான்?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். ஜூன் 2 முதல் வீட்டு வேலைக்காரர்கள், டிரைவர்கள் எல்லோரும் செல்போன் செயலியில் பதிய வேண்டும். போட்டோ, போன் நம்பர், ஆதார் நகல் கொடுத்தால் ஆறு இலக்க எண் ஒன்று தருவார்கள். தினமும் கேட்டில் அதைச் சொல்லி உள்ளே போக வேண்டும். டெலிவரிப் பையன்களுக்கு நிரந்தர எண் கிடையாது. ஒவ்வொரு முறையும் செக்யூரிட்டி பெயர், வண்டி நம்பர், ஃபிளாட் நம்பர் தட்டுவார். வீட்டுக்காரர் தன் போனில் 'சரி' என்று அழுத்தினால்தான் கேட் திறக்கும்.

பதிவின்போதே முதல் சிக்கல். அம்மாவின் ஆதாரில் இன்னும் பழைய கூவம் கரை விலாசம்தான் இருக்கிறது. செக்யூரிட்டி சூப்பர்வைசர், "இருக்கிற இடம் வேற, கார்டுல வேறயா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். பெரும்பாக்கத்தில் பாதிப் பேர் கார்டு அப்படித்தான் என்று அவருக்கு யார் சொல்வது? கடைசியில் கார்டைத் தன் சொந்த போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை அரசுத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் உடன் இல்லை.

எண் வந்தது. வேலை ஒழுங்காக நடக்கும் என்று பார்த்தால், இரண்டாம் நாளே இன்னொரு குழப்பம். கேட்டில் எண்ணைத் தட்டியவுடன் மூன்று ஃபிளாட்டுக்கும் ஒரே நேரத்தில் 'வந்துவிட்டார்' என்று செய்தி போகிறது. அம்மா மூன்றாவது வீட்டுக்குப் போவதோ பதினோரு மணிக்கு. "ஏழு மணிக்கே வந்துட்டேன்னு போன்ல வந்துச்சே, நாலு மணி நேரம் எங்க போனே?" என்று அந்த வீட்டு அக்கா கேட்டாராம். கேட்டுக்குத் தெரிவது கேட் மட்டும்தான்; எந்த வீட்டில் எவ்வளவு நேரம் என்பது அதற்குத் தெரியாது. இதை அந்த அக்காவுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஜூன் 28, சனிக்கிழமை. கல்லூரியிலிருந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு போன் வந்தது. உடனே கேட் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். குரலே சரியில்லை. நானும் கூடப் போனேன்.

முந்தின நாள் மாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு ஃபிளாட்டில் எட்டாயிரம் ரூபாய் வைத்த கவர் காணவில்லையாம். அம்மா வேலை செய்யும் வீடு அல்ல, அதே பிளாக். அந்த நேரத்தில் 'உள்ளே இருந்தவர்கள்' என்று கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியலில் அம்மா பெயர் இருந்தது.

"நான் ஒரு மணிக்கே போயிட்டேன் சார்" என்றார் அம்மா.

"நீங்க வெளிய போன மாதிரி ரெக்கார்டு இல்லையேம்மா. கம்ப்யூட்டர் என்ன பொய்யா சொல்லும்?" என்றார் அசோசியேஷன் செகரட்டரி. கெட்ட மனிதர் அல்ல, மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான், "சார், அம்மாவோட இந்த மாச ரெக்கார்டு முழுசையும் காட்டுங்க" என்றேன். ஏன் கேட்டேன் என்றால், மாலையில் டெலிவரிக்கு வரும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். உள்ளே விடும்போது செக்யூரிட்டி எண் தட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கேட் திறக்காது. வெளியே போக அப்படி எந்தத் தடையும் இல்லை. பக்கத்துச் சின்னக் கதவு திறந்தே கிடக்கும். மதியம் ஒரு மணி என்றால் சாப்பாட்டு வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற நேரம். ஒரே ஆள், அதுவும் அசாமிலிருந்து வந்த பையன், முழிபிதுங்கி நிற்பான். வெளியே போகிறவரை யார் பதிவார்கள்?

(பழைய ரெஜிஸ்டர் நோட்டு மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். 'வெளியே' காலம் காலியாகக் கிடக்கும். ராத்திரி வாட்ச்மேன் தாத்தா ஒரே பேனாவில் எல்லோருக்கும் '7.00' என்று போட்டு முடிப்பார். ஆனால் நோட்டைப் பார்த்தாலே அது தாத்தா கைவேலை என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் தெரியாது.)

செகரட்டரி திரையை என் பக்கம் திருப்பினார். ஜூன் 2 முதல் 27 வரை எண்ணிப் பார்த்தேன். உள்ளே 22 முறை. வெளியே 9 முறை. 13 நாள் வெளியே போன பதிவே இல்லை. 27-ஆம் தேதி காலை 6.48 உள்ளே, அதற்கு அடுத்த வரி 28 காலை 6.51, மறுபடியும் உள்ளே. நடுவில் 'வெளியே' இல்லாமல் ஒருவர் இரண்டு முறை எப்படி உள்ளே வர முடியும்? 14-ஆம் தேதி சனிக்கிழமை உள்ளே போனவர், ஞாயிறு முழுக்க இருந்து, திங்கள் காலை மறுபடி உள்ளே வந்திருக்கிறார்!

"சார், பதிமூணு நைட்டு எங்கம்மா உங்க அபார்ட்மென்ட்லயா படுத்திருந்தாங்க?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மா என் கையை அழுத்தினார்.

செகரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேமரா பதிவைப் போடச் சொன்னார். 27-ஆம் தேதி மதியம் 1.12-க்கு, கையில் மஞ்சப்பையோடு, சின்னக் கதவு வழியாக அம்மா போகிறார். அசாம் பையன் ஒரு டெலிவரி வண்டியின் நம்பரைத் தட்டிக்கொண்டிருக்கிறான், நிமிரவே இல்லை.

"சரிம்மா, நீங்க போலாம்" என்றார். மன்னிப்பு என்கிற வார்த்தை வரவில்லை. அந்தக் கவர் என்ன ஆனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பட்டியலில் இருந்த மற்ற பெண்களுக்கு என்னைப் போல ஒரு பையன் கூட வந்தானா என்பதும் தெரியாது.

மறுநாள் நானே ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மூன்றே விஷயம். வெளியே போவதைப் பதிவது செக்யூரிட்டியின் பொறுப்பு என்று நோட்டீசில் போடுங்கள். பதியாமல் விட்டதற்கு வேலைக்காரர் பொறுப்பில்லை. ஆதார் வேண்டுமென்றால் எண் மறைத்த நகல் போதும், யாருடைய சொந்த போனிலும் படம் பிடிக்க வேண்டாம். நோட்டீஸ் தமிழிலும் வேண்டும். மூன்றாவதற்கு ஆதாரமும் காட்டினேன். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், டிஜிட்டலில் ஒருவரின் விவரம் வாங்கும்போது தருகிற அறிவிப்பை, அவர் விரும்பினால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி எதிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

ஜூலையில் புது நோட்டீஸ் வந்தது. தமிழில், சில எழுத்துப் பிழைகளோடு. எண் மறைத்த ஆதார் போதும் என்று இருந்தது. வெளியே போகும்போதும் பதிய வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் வாக்கியம் இப்படி: 'பணியாளர்கள் வெளியேறும்போது தங்கள் எண்ணைத் தவறாமல் பதிவு செய்துகொள்ள வேண்டும்.' நான் செக்யூரிட்டி மேல் வைத்த பொறுப்பு சுற்றிச் சுற்றி அம்மா மேலேயே வந்து நின்றது. செகரட்டரியிடம் கேட்டேன். "கமிட்டில அப்படித்தான்பா முடிவாச்சு" என்றார்.

இப்போது அம்மா மதியம் ஒரு மணிக்கு அந்தச் சின்னக் கதவு பக்கத்தில் நிற்கிறார். டெலிவரி வரிசை குறைகிற வரைக்கும், அந்தப் பையன் நிமிர்கிற வரைக்கும். "தம்பி, என் நம்பரைப் போட்டியா? காட்டு" என்று திரையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். முன்பெல்லாம் 1.20 பஸ்ஸைப் பிடிப்பார். இப்போது அதற்கு அடுத்த பஸ்தான்.

நான் மாலையில் அதே கேட்டில் நிற்கும்போது, அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்து, "அம்மா அவுட் ஆச்சு" என்று தன் தமிழில் சொல்கிறான்.