சீமைப்பலாவும் என் மருமகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் மருமகளுக்குப் பிறந்த வீடு நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், சம்பந்தியம்மா ஒரு சீமைப்பலாக்காய் கொடுத்தனுப்பினார். நமது அரியலூர், பெரம்பலூர் பக்கம் பலா என்றால் பண்ருட்டிப் பலாதான். சீமைப்பலா மரத்துக்கு ஈரமும் மழையும் வேண்டும். நம் வறண்ட பூமியில் நான் அதைப் பார்த்ததே இல்லை. இலங்கையில் அதை ஈரப்பலா என்பார்கள்.

மருமகள் காலையில் தோல் சீவி, துண்டு போட்டு, தட்டில் வைத்து மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். "சாயங்காலம் வந்து செய்யறேன் அத்தை" என்றாள். மதியம் திறந்து பார்த்தேன். எல்லாத் துண்டும் பழுப்பேறிக் கறுத்திருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் கொட்டிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காலித் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். விடை தெரியாத வாத்தியார், பிள்ளை எழுதிய சரியான விடையைத் தப்பென்று அடித்த கதை அது.

அந்தக் காய் கெடவே இல்லை. வாழைக்காய், கத்திரிக்காய் மாதிரிதான் இதுவும். வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டால், காயிலுள்ள நொதி வேலை செய்து நிறத்தை மாற்றுகிறது. கறுத்த துண்டைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அது வெறும் நிறம்தான், தாராளமாகச் சமைக்கலாம். பழுப்பு உள்ளே வரை இறங்கி, நசநசவென்று நீர் விட்டு, புளித்த வாடை அடித்தால்தான் கெட்டது.

போன ஆடியில் சம்பந்தியம்மா மூன்று காய் கொடுத்தனுப்பினார். மூன்றும் மூன்று பருவம். இந்த முறை மருமகளையே வாத்தியாராக்கி நான் மாணவியாக உட்கார்ந்தேன்.

முதல் காய் பிஞ்சு. நல்ல பச்சை, தோலில் முள் கூர்மையாக நின்றது. இது பழுக்கட்டும் என்று வைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடுமாம். அன்றைக்கே பொடியாக நறுக்கி, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் ஒதுக்கிப் போட்டுப் பொரியல் செய்தோம்.

இரண்டாவது விளைந்த காய். பச்சையில் மஞ்சள் ஓடி, முள் தட்டையாகி, கட்டங்களுக்கு நடுவே பழுப்புக் கோடு விழுந்திருந்தது. தோலில் பால் சொட்டி உலர்ந்த தடம். அழுத்தினால் அமுங்கவில்லை. குழம்புக்கும் வறுவலுக்கும் இதுதான். ஆனால் பறித்து இரண்டு மூன்று நாளில் பழுக்கத் தொடங்கிவிடும். உடனே சமைக்க முடியாவிட்டால், முழுக்காயைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

அதை வெட்டும்போதுதான் பாடமே. பால் ஒட்டாமலிருக்கக் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவினாள். பழைய இரும்பு அரிவாள்மனை வேண்டாம், அது இன்னும் கறுக்கவைக்கும் என்று எவர்சில்வர் கத்தி எடுத்தாள். வெட்டுவதற்கு முன்பே பக்கத்தில் பாத்திரம் தயார். இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு மேஜைக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு. தோல் சீவி, நடுத்தண்டை நீக்கி, ஒவ்வொரு துண்டும் விழ விழத் தண்ணீருக்குள் போனது. மிதக்கும் துண்டுகளை ஒரு தட்டை வைத்து அமுக்கினாள்.

"ராத்திரி வரைக்கும் இப்படியே இருக்கலாமா?" என்று கேட்டேன்.

"தண்ணி காத்தைத் தடுக்கும், அவ்வளவுதான் அத்தை. வெளிய எடுத்தா மறுபடி கறுக்கும்" என்றாள்.

நொதியை அடக்குவது சூடுதான். அதனால் சமையல் தாமதமானால் துண்டுகளைக் கொதிக்கும் நீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்து, ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாளும் நிறம் மாறாது. குழம்பு வைக்கும்போது, கத்தி இலகுவாக இறங்கும் வரை முதலில் மஞ்சள், உப்புப் போட்டு வேகவைத்துவிட்டு, பிறகுதான் புளி. முன்பே புளி ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழியிலேயே பழுத்துக் குழைந்திருந்தது. நானாக இருந்தால் அதையும் எறிந்திருப்பேன். இனிப்பு வாசம் வந்தது. மசித்து, வெல்லம், ஏலம், அரிசிமாவு சேர்த்துப் பணியாரம் ஊற்றினோம். பேரன் பத்துத் தின்றான்.

அன்று ராத்திரி சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து, முதல் வருஷம் குப்பையில் கொட்டிய கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது தெரியவே தெரியாதாம். மருமகள் அவரிடம், "அத்தைக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.