வாளையாற்றின் மேலே இரண்டு காற்றுகள்

ஜூலை மாதத்தில் வாளையாற்றில் நின்று பார்ப்பவருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே கருமுகில்கள் கோவை நோக்கி விரைவது தெரியும். அவை சற்று விலகும்போது அண்ணாந்து பார்த்தால், மிக உயரத்தில் மெல்லிய கீற்று முகில்கள் கிழக்கிலிருந்து மேற்கே, நேர் எதிராக, நகர்ந்துகொண்டிருக்கும். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று தமிழ் பெயரிட்ட காற்றுகள் நிலத்தில் நிற்பவர் மேனியில் உணர்ந்தவை. இங்கோ ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காற்றாறுகள் ஓடுகின்றன.

கீழே ஓடுவது, ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் உயரத்தில் அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் மேலைக் காற்று. தீபகற்பத்தின் மீது அது ஜெட் காற்றோட்டமாகவே வீசுகிறது என்பதை பி. வி. ஜோசப்பும் பி. எல். ராமனும் 1966இல் எடுத்துரைத்தனர். மூணாறும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருப்பதால் இடுக்கியின் மேற்குச் சரிவுகள் அதை நேருக்குநேர் ஏற்கின்றன. மலைக்குப் பின்னுள்ள சின்னாறு மழைமறைவில் வறள்கிறது.

மேலே, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் ஓடுவது வெப்பமண்டலக் கீழை ஜெட். பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதை விளக்கினார். கோடையில் திபெத்திய மேட்டுநிலமும் வட இந்தியாவும் சூடேறுவதால், உயரத்தில் வடக்கே அழுத்தம் மிகுகிறது. அங்கிருந்து தெற்கே வழியும் காற்றைப் புவியின் சுழற்சி மேற்கே திருப்பிவிடுகிறது.

புயலுக்கு இவ்வமைப்பு பகை. புயலின் அடியும் முடியும் செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்று நின்றால்தான் அது வலுப்பெறும். ஜூலையில் அடியைக் கிழக்கேயும் முடியை மேற்கேயும் இரு காற்றுகளும் இழுப்பதால், வங்கக்கடலில் தாழ்வுநிலைகள் அடிக்கடி தோன்றினும் கடும்புயலாவது அரிது. இரண்டும் விலகிய பின்பே புயற்காலம் தொடங்கும். அப்போது ஆழமான கீழைக் காற்று புயலை மேற்கே தள்ளுகிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, வலுக்குன்றி, மத்திய கேரளத்தைக் கடந்து அரபிக்கடலில் இறங்கியது அவ்வாறே.

வானூர்திகள் 11 கிலோமீட்டர் அளவில் பறப்பதால் கீழை ஜெட்டின் மையத்தைத் தொடுவதில்லை. அதன் கீழ்விளிம்பையே சந்திக்கின்றன. கொச்சியிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். வானூர்தியின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர் என்றும், பாதையின் திசையில் காற்றின் பங்கு சராசரியாக 40 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். போகும்போது வேகம் 890 ஆகி 3 மணி 9 நிமிடம் பிடிக்கும்; திரும்பும்போது 810 ஆகக் குறைந்து 3 மணி 27 நிமிடமாகும். ஜனவரியில் வளைகுடாப் பக்கம் மேலை ஜெட் வலுப்பதால் கணக்கு தலைகீழாகிறது: ஊர் திரும்புவோருக்கு அது பின்காற்று.