ஆறு ரீம்

செவ்வாய்

கட்டுரைத் தொகுப்பு அச்சிடக் கேட்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மதியம் போன் செய்தார். "தம்பி, ஆயிரம் புத்தகமும் எவ்வளவு எடை இருக்கும்? நாகர்கோவிலுக்கு லாரி பார்சலில் போட்டால் என்ன ஆகும் என்று விசாரிக்கணும்." பத்து நிமிடத்தில் சொல்வதாகச் சொல்லி வைத்தேன்.

அவர் கேட்ட அதே டெம்மி அளவில், 192 பக்கத்தில், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் போன மாதம் அடித்த புத்தகம் ஒன்று அலமாரியில் இருந்தது. தராசில் வைத்தேன். அட்டையோடு 220 கிராம். அட்டையைக் கழித்தால் உள்தாள் மட்டும் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆயிரம் பிரதிக்கு 220 கிலோ என்று சொல்லிவிடலாம். சொல்வதற்கு முன் எதற்கோ அவருக்குக் கொடுத்திருந்த கொட்டேஷனைத் திறந்தேன். காகிதம் 118 கிலோ என்று இருந்தது.

118 கிலோ காகிதத்திலிருந்து 200 கிலோ உள்தாள் வராது.

மாலை

தப்பு எங்கே நடந்தது என்று தெரிந்துவிட்டது. முதலில் அவர் 500 பிரதிதான் கேட்டார். பிறகு ஆயிரம் ஆக்கினார். அச்சுக்கூலி, பைண்டிங், அட்டை எல்லாவற்றையும் மாற்றியவன் காகித வரியைத் தொடவில்லை. அந்தக் கட்டத்தில் கணக்கு இல்லை. 6 ரீம் என்று நான் கையால் அடித்த எண் அப்படியே உட்கார்ந்திருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: 16 பக்கப் பாரம் ஒன்று, ஆயிரம் பிரதி, ஒரு ரீம். 23×36 தாளின் ஒரு பக்கத்தில் 16 பக்கம் விழும். தாளைத் திருப்பி அதே பிளேட்டில் பின்பக்கமும் அடித்து நடுவில் வெட்டினால் இரண்டு பிரதி. ஆகவே ஆயிரம் பிரதிக்கு 500 தாள், அதாவது ஒரு ரீம். 192 பக்கம் என்றால் 12 பாரம், 12 ரீம். ஒரு ரீம் 18.7 கிலோ, கழிவு ஐந்து சதவீதம் சேர்த்தால் 236 கிலோ. கிலோ 90 ரூபாய் வீதம் 21,240. நான் போட்டிருந்தது 10,620. மொத்தம் 47,380 என்று கொடுத்தது 58,000 ஆக வேண்டும். இந்த வேலையில் எனக்கு நிற்கும் லாபம் அந்த வித்தியாசத்தை விடக் குறைவு.

இரவு

சொல்லாமலே சரிக்கட்ட வழிகள் மனதில் வந்தன. 60 ஜிஎஸ்எம்மில் அடித்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் அதில் 3,000 ரூபாய் மிச்சமாவதே பெரிது, பின்பக்க எழுத்தும் நிழலாகத் தெரியும். அவர் எழுத்தை அப்படி அச்சிட எனக்கு மனம் இல்லை.

வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 5: எதிர்த்தரப்பு ஏற்பதற்கு முன் நம் சலுகையைத் திரும்பப் பெறலாம். 15 நாள் செல்லும் என்று எழுதியிருந்தாலும், அதற்கென்று தனியாகப் பணம் வாங்காதவரை பெறலாம். ஆனால் திரும்பப் பெற்றது அவருக்குத் தெரிய வந்தால்தான் அது கணக்கு. மெயில் நம் பக்கத்திலிருந்து போய்விட்டது என்பது போதாது. அதற்குள் அவர் சம்மதக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டால் நான் கட்டுப்பட்டவன். ஒருவர் மட்டும் செய்த தவறு ஒப்பந்தத்தை உடைக்காது என்று பிரிவு 22 சொல்கிறதாம். ஆகவே நாளை காலை முதல் வேலை போன், பிறகுதான் எழுத்து.

புதன்

எட்டு மணிக்கே அழைத்தேன். "ஐயா, எடை 220 கிலோ. அதைப் பார்க்கப் போய்த்தான் என் கொட்டேஷனில் ஒரு தப்பு தெரிந்தது. இன்னும் சம்மதம் அனுப்ப வேண்டாம். காகிதத்தைப் பாதிதான் கணக்குப் போட்டிருக்கிறேன்." சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பிள்ளைகளிடம் தொகையைச் சொல்லிவிட்டேனே தம்பி" என்றார். அந்த வருத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 'மன்னிக்கணும் ஐயா' என்று மட்டும் சொன்னேன்.

உடனே திருத்தம் எழுதினேன். பழைய கொட்டேஷன் எண்ணையே போட்டு, பக்கத்தில் "திருத்தம் 1", இன்றைய தேதி. "முந்தையது இத்துடன் திரும்பப் பெறப்படுகிறது, இதுவே செல்லும்." காகித வரியில் மட்டும் பழைய எண்ணும் புதிய எண்ணும் அருகருகே, காரணம் ஒரே வாக்கியத்தில். எழுதும்போதுதான் லாமினேஷன் விலையும் கொஞ்சம் குறைவாகப் போட்டிருப்பது கண்ணில் பட்டது. அதைத் தொடவில்லை. அது தப்பு அல்ல, நான் தெரிந்தே கொடுத்த விலை. தப்பைத் திருத்தும் தாளில் அதையும் ஏற்றினால் அவர் எந்த வரியை நம்புவார்?

கீழே 60 ஜிஎஸ்எம் விலையையும் வெளிப்படையாக எழுதி, எழுத்து நிழலாடும் என்றும் சேர்த்தேன்.

வெள்ளி

பதில் வந்தது. 800 பிரதி போதுமா என்று கேட்டிருக்கிறார். தாள் 70தான் வேண்டுமாம். காகிதம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பிளேட் செலவு குறையாது என்று விளக்கி, 'திருத்தம் 2' தயார் செய்கிறேன். ரீம் கட்டத்தில் இப்போது பாரமும் பிரதியும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கும் கணக்கை வைத்துவிட்டேன். 800 என்று அடித்ததும் 9.6 வந்தது. அதற்குப் பிறகும் 96 வெற்றுத்தாளை வெட்டிக் கட்டி டம்மி ஒன்று செய்து, தராசில் வைத்துப் பார்த்தேன். 203 கிராம். அந்த டம்மியையும் திருத்தத்தோடு அவருக்கு அனுப்புகிறேன்.