எழுதாமல் விட்ட நான்கு குவளைகள்

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு பணி கொடுத்திருந்தார்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் உட்கொள்பவற்றைப் பட்டியலிட்டுக் கலோரிக் கணக்குப் பார்க்க வேண்டும். அவள் என்னைத் தேர்ந்தெடுத்தாள். எனக்கும் ஆர்வம்தான். மூன்று ஆண்டுகளில் என் எடை ஐந்து கிலோ கூடியிருந்தது. மருத்துவர் எச்சரித்த பிறகு மதியச் சோற்றைக் கண்ணும் கருத்துமாகக் குறைத்து வந்தேன். ஆனாலும், எடை இறங்கவில்லை.

இரவில் பட்டியலை நீட்டினேன். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா, சாப்பிட்டதை எல்லாம் எழுதியிருக்கீங்க. குடிச்சது எங்கே?”

அப்போதுதான் உறைத்தது. தண்ணீரைத் தவிர நான்கு குவளைகள் குடித்திருந்தேன். ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. பொய் சொல்லவில்லை, அவற்றை நான் உணவாகவே கருதவில்லை.

இருவரும் சமையலறைத் தராசை எடுத்து உட்கார்ந்தோம். காலையில் குடித்தது பொட்டலக் கோப்பி. இருபது கிராம் பொட்டலத்தில் ஏறத்தாழ பாதி சீனி, 90 கலோரி. பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அலுவலகத்தின் கீழே உள்ள உணவங்காடியில் ஒவ்வொரு தே. கடைக்காரர் குவளையின் அடியில் இரண்டு பெரிய கரண்டி இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றுவதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். வீட்டில் அதே அளவு கரண்டியால் ஊற்றி நிறுத்தோம். இரண்டு கரண்டி 40 கிராம் வந்தது. கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கும் மேல் சீனிதான். ஆக, ஒரு குவளையில் 22 கிராம் சீனி, 130 கலோரி. மதியம் குடித்தது ஆரஞ்சுப் பழச்சாறு. சீனி சேர்க்காததுதான். ஆனால், 250 மில்லிலிட்டருக்கு 110 கலோரி; பழத்தின் சொந்தச் சீனியே 21 கிராம்.

கூட்டிப் பார்த்தோம். 460 கலோரி, 75 கிராம் சீனி. ஒரு நாளுக்கு 2,000 கலோரி உட்கொள்பவர் இத்தகைய சீனியை 50 கிராமுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பழச்சாற்றுச் சீனியும் அந்தக் கணக்கில் சேரும்; கடித்துத் தின்னும் பழத்தின் சீனி சேராது.

நான் மதியத்தில் குறைத்த சோறு ஏறக்குறைய 100 கிராம். அதாவது 130 கலோரி. ஒரு குவளைத் தேநீர்! ஒரு பக்கம் பசியைப் பொறுத்துக்கொண்டு, மறுபக்கம் அதையே திரும்பக் குடித்திருக்கிறேன்.

சோற்றைக் குறைத்தால் பசிக்கிறது. ஆனால், 460 கலோரி குடித்தும் ஏன் பசி குறையவில்லை? இதற்கு விடை தேடியபோது, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. பதினைந்து பேர் நான்கு வாரங்களுக்கு நாள்தோறும் 450 கலோரியை மிட்டாயாக உண்டார்கள். இன்னொரு நான்கு வாரங்களுக்கு அதே 450 கலோரியைச் சீனி கலந்த பானமாகக் குடித்தார்கள். மிட்டாய் உண்ட நாள்களில் அவர்கள் தம்மை அறியாமலேயே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். பானம் குடித்த நாள்களில் அப்படிக் குறைக்கவில்லை, எடை கூடியது. பதினைந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும், என் நிலையை அது அப்படியே சொன்னது. மென்று தின்பதை உடல் கணக்கில் வைக்கிறது. விழுங்குவதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை, என் பட்டியலைப் போலவே.

மறுநாளே வீராப்பாக “தே-சி கொசோங்” கேட்டேன். ‘தே-சி’ என்றால் கெட்டிப்பாலுக்குப் பதிலாகச் சீனி கலக்காத டின் பால். ஆனால், ‘தே-சி’ என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் சீனியைத் தனியாகப் போட்டுவிடுவார். ‘கொசோங்’ என்ற சொல்லையும் சேர்த்தால்தான் சீனி வராது. அப்போது குவளைக்குச் சுமார் 40 கலோரிதான்.

நான்கு நாள்கள் தாங்கினேன். ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணிக்கு அலுவலகப் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். கிரீம் பிஸ்கட் இரண்டு. அவையே ஏறத்தாழ 110 கலோரி! தேநீரில் மிச்சப்படுத்தியது 90. இலாபத்தைவிட நட்டம் அதிகம்.

அதனால், ஒரு படி இறங்கி வந்தேன். “தே-சி சியூ டாய்” கேட்கத் தொடங்கினேன். ‘சியூ டாய்’ என்றால் சீனி குறைவு. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது: ஒரு கடையின் ‘குறைவு’ இன்னொரு கடையின் ‘வழக்கம்’. எனவே, “ஒரு சின்னக் கரண்டிதான், அண்ணே” என்று அளவையே சொல்லிக் கேட்டேன். மூன்று வாரங்கள் அப்படி. அதன் பிறகு கொசோங் குடித்தபோது கசக்கவில்லை. நாக்கு பழகுவதற்கு நேரம் கேட்கிறது. நான்தான் முதலில் கொடுக்கவில்லை.

மற்ற மாற்றங்கள் எளிதாக அமைந்தன. காலையில் பொட்டலத்துக்குப் பதில் கோப்பித்தூள், கொஞ்சம் பால், நானே அளந்து போடும் ஒரு தேக்கரண்டிச் சீனி: 50 கலோரி. மதியம் சாற்றுக்குப் பதில் முழு ஆரஞ்சுப் பழம் ஒன்றும் ஒரு குவளைத் தண்ணீரும். ஒரு குவளைச் சாற்றுக்கு மூன்று பழங்கள் வேண்டும். ஆனால், ஒரே அமர்வில் மூன்று பழங்களை உரித்துத் தின்ன எனக்குப் பொறுமை இல்லை. பழத்துக்கு 60 கலோரி. மொத்தம் 460 ஆக இருந்தது 190 ஆகிவிட்டது. நான்கு மாதங்களில் இரண்டு கிலோ இறங்கியது. மாலையில் நடக்கவும் தொடங்கியிருந்ததால் எல்லாப் புகழையும் தேநீருக்குக் கொடுக்க மாட்டேன்.

மகளின் பட்டியலையும் ஒரு சனிக்கிழமை சோதித்தோம். அவள் கையில் அரை லிட்டர் குளிர்பானம். “இதுல ‘பி’ போட்டிருக்கு, நல்லதுதானே அம்மா?” என்றாள். நம் நாட்டில் 2022 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்த நியூட்ரி-கிரேட் முறையில் ‘பி’ என்றால் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலும் ஐந்து கிராம் வரை சீனி இருக்கலாம். எழுத்து 100 மில்லிலிட்டருக்கு. அவள் குடிப்பதோ முழுப் புட்டி. ஐந்தை ஐந்தால் பெருக்கினாள். முகம் கொஞ்சம் மாறியது. இப்போது சிறிய டின் வாங்குகிறாள். சில நாள்களில் தண்ணீர்ப் புட்டியை வீட்டிலிருந்தே கொண்டு போகிறாள். குமிழித் தேநீரை மட்டும் விட மறுக்கிறாள். ‘25 விழுக்காடு இனிப்பு’ என்று கேட்டு வாங்குகிறாள். ஆனால், சீனிப்பாகில் ஊறிய முத்துகள் அந்த விழுக்காட்டில் அடங்குவதில்லை. அதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

எங்கள் குளிர்பதனப் பெட்டியில் இன்றும் பழச்சாறு இருக்கிறது. என் அப்பா நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்பவர். சில வேளைகளில் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். அப்போது அவருக்கு 15 கிராம் சீனி உடனே வேண்டும். சோறோ பழமோ அவ்வளவு வேகமாக உதவாது. சாற்றில் ஏறக்குறைய 180 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்துப் பார்ப்போம். அதனால், கீழ்த்தட்டில் மூன்று சிறிய பெட்டிகள் எப்போதும் இருக்கும். அவற்றின் மீது மகள் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: ‘தாத்தாவுக்கு மட்டும்’.